நன்றிக் கடிதத்தில் எந்தச் சொல் மேலே போகும், எந்தச் சொல் கீழேதான் போகும்

"எனக்கு 29 வயது. ஏரிகளைப் பற்றிய கல்வெட்டுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். 81 வயதான ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று மாதம் என் வாசிப்புகளைத் திருத்தி, கையால் எழுதித் தபாலில் அனுப்பினார். ஃபோனிலும் பேசியிருக்கிறோம். நேரில் பார்த்ததில்லை. போன வாரம் வாய்மொழித் தேர்வு முடிந்தது. நன்றிக் கடிதம் எழுதினால் ஒன்று வறட்சியாக வருகிறது, இல்லையென்றால் மேடைப் பேச்சு மாதிரி வருகிறது. இதுதான் நான் எழுதியது: 'பெருமதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் இந்தத் தள்ளாத வயதிலும் உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி எனக்கு உதவி செய்தமைக்கும், நல்ல ஒத்துழைப்பு அளித்தமைக்கும் என் மனமார்ந்த நன்றிகளை உரித்தாக்கிக்கொள்கிறேன். தங்கள் அறிவு என்னை வியக்க வைத்தது. மேலும் இதுபோன்ற நற்பணிகளைத் தொடர வாழ்த்துகிறேன்.' எங்கே தப்பு?"

முதலில் அந்த 'ஒத்துழைப்பு' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அது ஏன் உறுத்துகிறது என்று புரிந்துவிட்டால் மற்றவை தாமாகச் சரியாகும்.

நான் பதிப்பகம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் எழுத்தாளர்களுக்கான கடிதப் போக்குவரத்தைப் பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழறிஞர் எங்களுக்காக ஒரு பழைய உரையைச் சரிபார்த்துக் கொடுத்தார். நான் அவருக்குக் கார்டு போட்டேன்: 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' அடுத்த மாதம் அலுவலகத்துக்கு வந்தவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கோபமில்லாமல், "தம்பி, ஒத்துழைச்சது நீங்க. நான் உழைச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவன் நான், அவர் கூட நின்று கைகொடுத்தவர் என்று என் கார்டு சொல்லியிருந்தது. நடந்தது நேர்மாறாக.

ஒத்துழைப்பு என்பது பக்கவாட்டில் போகிற சொல். சக ஊழியருக்குச் சொல்லலாம், தெருவில் பள்ளம் தோண்டும்போது பொதுமக்களுக்குச் சொல்லலாம். மேலே போகாது. தமிழில் இப்படித் திசை உள்ள சொற்கள் நிறைய. ஒருவர் காலில் விழுந்து எழுதினாலும், திசை மாறிய ஒரு சொல் உள்ளே இருந்தால் பெரியவர்களுக்கு அதுதான் கண்ணில் படும். இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், ஒரு பொருளைக் கேட்பதற்கே மூன்று சொல்லைப் பிரித்து வைத்திருக்கிறது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ', ஒத்தவரிடம் கேட்டால் 'தா', உயர்ந்தவர் கீழே உள்ளவரிடம் கேட்டால் 'கொடு'. இன்றைக்கு 'ஈ' பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் 'கொடுங்கள்' என்பதைவிடத் 'தாருங்கள்' என்பது கொஞ்சம் பணிவாகக் காதில் விழுகிறதே, அந்தப் பழைய வேறுபாட்டின் எச்சம் அதில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் வரைவில் கீழ்நோக்கி மட்டுமே போகக்கூடிய சொல் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கடைசி வரியில் உள்ள 'வாழ்த்துகிறேன்'. வாழ்த்து மூத்தவர் இளையவருக்குத் தருவது. கல்யாண வீட்டில் யார் தலையில் யார் அட்சதை போடுகிறார்கள் என்று பார்த்தால் போதும். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று சுவரொட்டிகளில் போட்டுப் போட்டு அந்த வரி தேய்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கிற வழக்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் வரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'இதுபோன்ற நற்பணிகளைத் தொடர' என்பது பரிசளிப்பு விழாவில் தலைமை தாங்குகிறவர் பேசுவது. ஐம்பது வருஷமாகக் கல்வெட்டு படிக்கிறவரிடம், தொடர்ந்து செய்யுங்கள் என்று இருபத்தொன்பது வயதுக்காரர் சொல்ல வேண்டியதில்லை. அவர் நலமாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால் 'நீங்கள் நலமாக இருக்க வேண்டும் ஐயா' என்று ஆசையாகவே எழுதுங்கள். வேண்டுதல் மேலே போகும், வாழ்த்து போகாது.

மற்றொன்று பாராட்டு. 'தங்கள் அறிவு என்னை வியக்க வைத்தது.' இதை எழுதும்போது மனதில் மரியாதை மட்டும்தான் இருந்திருக்கும், தெரிகிறது. ஆனால் பாராட்டுகிறவர் ஒரு படி மேலே ஏறி நின்று பார்த்தால்தான் பாராட்ட முடியும். 'உங்கள் விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது' என்பதும் அப்படியே. அது மதிப்பெண் போடுவது. பெரியவர் சொன்னது தெளிவாக இருந்தது என்று முடிவு சொல்ல நாம் யார் என்ற கேள்வி அவருக்கு வராவிட்டாலும், கூட இருந்து படிக்கிற அவர் மகனுக்கோ மருமகளுக்கோ வரும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வாக்கியத்தின் எழுவாயை மாற்றுங்கள். 'உங்கள் விளக்கம் தெளிவாக இருந்தது' என்பதற்குப் பதிலாக 'அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது' என்று எழுதுங்கள். செய்தி ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் அவரை எடை போடுகிறீர்கள். இரண்டாவதில் உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறீர்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் கடிதம் முழுக்கச் செய்து பாருங்கள், தொனி பாதி மாறிவிடும்.

'தள்ளாத வயதிலும்' என்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இது நல்ல எண்ணத்தில் வருகிற சொல், நன்றியுரைகளில் தவறாமல் வருகிறது, வாங்குகிறவருக்கு வலிக்கிறது. 'இந்த வயதிலும்', 'முதுமையையும் பொருட்படுத்தாமல்' எல்லாம் அதே வகைதான். நீங்கள் சொல்ல நினைப்பது, எனக்காகச் சிரமப்பட்டீர்கள் என்று. அவருக்குக் கேட்பது, இந்த வயதில் உங்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்று. அவர் திருத்தி அனுப்பிய வாசிப்பில் அவர் வயது எங்கேயும் தெரியவில்லை அல்லவா? பிறகு கடிதத்தில் எதற்கு? அவர் பட்ட சிரமத்தைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அந்தச் சிரமத்தையே சொல்லுங்கள்: பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார், அதை மடித்துத் தபாலில் சேர்த்தார். வயதைப் பற்றிப் பேசாமலே அது அவர் உழைப்பைச் சொல்லிவிடும்.

'உதவி' தப்பான சொல் இல்லை. ஆனால் அது பஸ்ஸில் பையை வாங்கி வைத்துக்கொண்டவருக்கும் சொல்கிற சொல். அவர் செய்தது கற்றுக்கொடுத்தது. அப்படியே சொல்லிவிடலாம். 'பொன்னான நேரம்' என்பதில் எந்தக் குற்றமும் இல்லை, எந்த உயிரும் இல்லை. 'நன்றிகள்' என்ற பன்மையைப் பழைய தமிழாசிரியர்கள் சிவப்பு மையால் அடிப்பார்கள், உங்கள் பேராசிரியரும் அந்தத் தலைமுறை என்பதால் 'நன்றி' என்றே இருக்கட்டும். 'உரித்தாக்கிக்கொள்கிறேன்' என்பதில் உள்ள 'கொள்' அந்த நன்றியை உங்களுக்கே உரியதாக்கிவிடுகிறது, கவனித்தீர்களா? 'உரித்தாகுக' என்பது மேடை வழக்கு. அது கடிதத்துக்கு வேண்டாம்.

அடுத்து 'தாங்கள்'. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மரியாதை கூட வேண்டுமானால் நீங்களிலிருந்து தாங்களுக்கு ஏறிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். தாங்கள் மரியாதையை மட்டும் கூட்டுவதில்லை, தூரத்தையும் கூட்டுகிறது. மூன்று மாதம் ஃபோனில் 'நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன்யா' என்று பேசியிருப்பீர்கள். அவரும் உங்களை 'ஏம்மா' என்று கூப்பிட்டிருப்பார். கடிதத்தில் திடீரென்று தாங்கள் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். முன்பின் பேசாதவர், துறைத் தலைவர், மடத்துப் பெரியவர் போன்றவர்களுக்குத் தாங்கள் பொருந்தும். உங்கள் பேராசிரியருக்கு நீங்கள் போதும். யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊரில் 'நீர்' என்பது ஒத்தவருக்கும் இளையவருக்கும் சொல்கிற மரியாதை, அதை இப்படிப்பட்ட பெரியவருக்கு எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், நீங்களும் 'நீங்கள்' என்றே எழுதிவிடலாம்.

தாங்கள்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். உங்கள் வரைவின் முதல் வரியிலேயே 'தாங்கள்... உங்கள் பொன்னான நேரத்தை' என்று கலந்திருக்கிறது. தாங்கள், தங்களை, தங்களுக்கு, தங்கள் என்று ஒரே வரிசையாக வர வேண்டும். கலந்து வந்தால் மரியாதையை வெளியிலிருந்து வாங்கி ஒட்டியது போலத் தெரியும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 'தங்கள்' என்பது பிறருடைய சொந்தத்தையும் குறிக்கும். 'மாணவர்கள் தங்கள் குறிப்புகளைப் படித்தார்கள்' என்று எழுதினால், படித்தது பேராசிரியரின் குறிப்பையா, மாணவர்கள் அவரவர் எழுதிய குறிப்பையா? இப்படிக் குழப்பம் வந்த கடிதங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'நீங்கள்' என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எடுத்துப் போட வேண்டியவை. இவற்றை எடுத்துவிட்டால் உங்கள் வரைவில் 'ஐயா', 'நன்றி' என்ற இரண்டு சொல்தான் மிஞ்சும். உங்களுக்கு வறட்சியாகத் தெரிந்தது அந்த நிலைதான். அதை நிரப்ப உரிச்சொல் தேடினால் மறுபடியும் மேடைக்குத்தான் போவீர்கள். வேறு ஒன்று வேண்டும்.

திருக்குறளில் 11-ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது நாம் வாயால் சொல்கிற சொல் இல்லை, அவர் செய்த நன்மை. நம் பங்கு அதை அறிதல். சொல்லுதல் என்றுகூட அந்தத் தலைப்பில் இல்லை. அதே அதிகாரத்தில், தினையளவு நன்மையைப் பனையளவாகக் கொள்கிறவர்களுக்குப் 'பயன்தெரிவார்' என்று பெயர் வருகிறது. உங்கள் கடிதத்தின் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவர் செய்தது என்ன, அதனால் என்ன விளைந்தது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்று காட்டுவது. மூன்று மாதம் திருத்தம் எழுதி அனுப்பிய ஒருவருக்கு, அந்தத் திருத்தங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரிந்துகொள்ளத்தான் ஆவலாக இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் அவர் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆய்வேட்டில் அவரால் மாறிய இடங்களைத் தேடுங்கள். பத்து இடம் இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்தையும் எழுதினால் பட்டியலாகிவிடும்.

உங்கள் ஆய்வேட்டை நான் பார்த்ததில்லை, அதனால் உங்கள் துறையில் நடக்கக்கூடிய ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். ஏரிக்கு விடப்பட்ட நிலத்தின் அளவைச் சொல்லும்போது கல்வெட்டில் பின்னக் குறிகள் வருமல்லவா? மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. தேய்ந்த கல்லில் காணிக் குறியை மா என்று படித்துவிட்டால், கொடையின் அளவு நான்கு மடங்கு ஏறிவிடும். அப்படி ஒரு பிழையை அவர் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இப்படிப் போகலாம்:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஃபோனில் உங்களிடம் சொன்னபோது படபடப்பில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுத வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் நான்காவது கடிதத்தில், பதினேழாம் எண் கல்வெட்டில் நான் 'மா' என்று படித்த குறி 'காணி' என்று எழுதியிருந்தீர்கள். மைப்படியின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கவும் சொல்லியிருந்தீர்கள். தடவிப் பார்த்தபோது கோடு தெரிந்தது. பிறகு மற்றக் கல்வெட்டுகளையும் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். இன்னும் இரண்டில் அதே பிழையைச் செய்திருந்தேன். மூன்றாம் அத்தியாயத்தின் நிலக் கணக்கை முதலிலிருந்து போட்டு எழுதினேன். புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அந்த அட்டவணையைப் பற்றித்தான். பயமில்லாமல் பதில் சொன்னேன்.

இப்போது எந்தக் குறியையும் ஒரே பார்வையில் முடிவு செய்வதில்லை. அது உங்களிடம் கற்றது.

உங்களுக்கு என் நன்றி, ஐயா. அம்மாவுக்கும் என் வணக்கம். ஆய்வேட்டின் ஒரு படியை நேரில் கொண்டுவர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. எந்த நாள் வந்தால் உங்களுக்குத் தோதாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
உங்கள் மாணவி

இதில் 'நன்றி' ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் கடைசிப் பகுதியில். அதற்கு முன்னால் உள்ள பத்தி அந்தச் சொல்லுக்கு எடை கொடுத்துவிடுவதால் 'மனமார்ந்த', 'இதயங்கனிந்த' எதுவும் தேவைப்படவில்லை. அவரைப் பற்றிய பாராட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்து முடிக்கும்போது அவர் சரியாகப் படித்தார், நான் தப்பாகப் படித்தேன், அவர் காட்டிய வழியில் போய் நானே இன்னும் இரண்டு பிழையைக் கண்டுபிடித்தேன் என்று தெரிகிறது. ஆசிரியருக்கு இதைவிட என்ன சொல்ல முடியும்? அந்த இரண்டு பிழை வரியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

'அம்மாவுக்கும் என் வணக்கம்' என்று எழுதியதையும் பாருங்கள். 'அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்' என்று எழுதினால் அவருக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி ஆகும். 'சொல்லவும்', 'அனுப்பவும்', 'ஏற்றுக்கொள்ளவும்' எல்லாம் அலுவலகச் சுற்றறிக்கையின் ஏவல். அதனால்தான் நாளைக்கூட அவரைத் தெரிவிக்கச் சொல்லாமல், நீங்களே ஃபோனில் கேட்பதாக முடித்திருக்கிறேன். அதே காரணத்துக்காக, அடுத்த உதவி எதையும் இந்தக் கடிதத்தில் கேட்காதீர்கள். கட்டுரை ஒன்றைப் பார்த்துத் தர வேண்டும் என்று மனதில் இருந்தால் அது ஒரு மாதம் காத்திருக்கட்டும். கேட்பதற்காகத்தான் நன்றி சொன்னாள் என்ற எண்ணம் வந்துவிட்டால் மேலே உள்ள பத்தி முழுவதும் வீணாகும்.

'உங்கள் மாணவி' என்று கையெழுத்துப் போடலாமா என்று தயங்குவீர்கள், வகுப்பில் அவரிடம் படிக்கவில்லையே என்று. போடலாம். அந்தத் தலைமுறைப் பேராசிரியர்களில் நான் பழகிய அத்தனை பேருக்கும் அது பிடிக்கும். ஒன்று மட்டும்: உங்கள் நெறியாளர் வேறொருவராக இருந்து, அவருக்கும் இவருக்கும் ஆகாது என்றால் 'வணக்கத்துடன்' என்று மட்டும் எழுதிப் பெயரைப் போட்டுவிடுங்கள். உறையின் மேல் 'பேராசிரியர்' என்று பெயருக்கு முன்னும் 'அவர்கள்' என்று பெயருக்குப் பின்னும் இருந்தால் போதும். பெறுநர் பெண்ணாக இருந்திருந்தால் 'ஐயா' இருக்கும் இடத்தில் 'அம்மா' வரும். 'மேடம்' என்று ஃபோனில் கூப்பிட்டிருந்தாலும் கடிதத்தில் அம்மாதான் நன்றாக இருக்கும்.

கையால் எழுதுங்கள். அவர் கையால் எழுதியவர், பதிலும் கையால் போக வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, கொஞ்சம் பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதுங்கள், படிக்க எளிதாக இருக்கும். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பிவிட்டு அதையே கடிதமாக நினைக்க வேண்டாம். அவர் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பினால் அதற்குக் கும்பிடு படம் போடலாம், கட்டைவிரல் படம் போடாதீர்கள். அது 'சரி, பார்த்துவிட்டேன்' என்று மேலதிகாரி தலையாட்டுவது.

பேச்சில் கவனிக்க வேண்டியது வேறு. எழுத்தில் நன்றாக இருப்பது வாயில் வேறு மாதிரி விழும். 'உங்க புண்ணியத்துல முடிஞ்சதுய்யா' என்பது நல்ல வாக்கியம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றி என்ற சொல்லே இல்லாமல் இப்படித்தான் நன்றி சொன்னார்கள். ஆனால் குரலில் சிரிப்பு கொஞ்சம் கூடினால் அதே வாக்கியம் குத்தலாகிவிடும். குரலை நம்ப முடியவில்லையென்றால் 'நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்கய்யா' என்று சொல்லுங்கள், அதை யாரும் தப்பாக எடுக்க முடியாது.

நேரில் போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. சால்வை வேண்டாம். அவர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே முப்பது இருக்கும், போர்த்துவதும் விழா மாதிரி ஆகிவிடும். உறையில் பணம் வைத்துக் கொடுக்கவே கூடாது. மூன்று மாத உழைப்புக்கு நீங்கள் விலை போட்டதாக ஆகும். காலில் விழுவதைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுக்காதீர்கள். சில வீடுகளில் அது இயல்பு, செய்யாவிட்டால் குறையாக எடுப்பார்கள். சுயமரியாதை இயக்க வழியில் வந்த பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்காது, நாற்காலியிலிருந்து பதறி எழுவார்கள். இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களிலும் பலர் விரும்ப மாட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் இரண்டு கையையும் கூப்பி ஒரு வணக்கம், அது எந்த வீட்டிலும் குறைவாகாது.

நீங்கள் நன்றி என்று ஆரம்பித்ததும் அவர் "அதெல்லாம் எதுக்கும்மா" என்று கையை அசைப்பார். அப்படிச் சொல்வதுதான் அவர் அதை ஏற்றுக்கொள்கிற விதம். அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'இல்லைங்கய்யா, நீங்க இல்லைன்னா...' என்று இரண்டாவது சுற்றுப் போனால் அவர் மறுபடியும் மறுக்க வேண்டியிருக்கும், இருவருக்கும் சங்கடம். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஆய்வேட்டை இரண்டு கையாலும் நீட்டுங்கள். நன்றியுரைப் பக்கத்தில் அடையாளம் வைக்காதீர்கள், அதை அவர் தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்வார். மூன்றாம் அத்தியாயத்தின் அந்த அட்டவணையில் ஒரு தாளைச் செருகி வையுங்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிக்க ஆரம்பித்தால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். கையில் பேனா இருக்கட்டும், இன்னொரு பிழையைக் காட்டினால் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.